அடர்நிறம் எதைக் குறிக்கிறது என்று எழுதுங்கள்

அறிக்கைகளிலும் செய்திப் பக்கங்களிலும் நிற வரைபடம் வெளியிடும் ஆசிரியர்களுக்கும் புள்ளிவிவரப் பிரிவினருக்கும்,

வணக்கம்.

சில ஆண்டு இடைவெளியில் தயாரான இரண்டு வரைபடங்களை அருகருகே அச்சிட்டு ஓர் அறிக்கை வந்தது. ஒரு நோய் ஆயிரம் பேரில் எத்தனை பேரைத் தாக்கியிருக்கிறது என்று வட்டாரம் வட்டாரமாக நிறமிட்டுக் காட்டிய படங்கள் அவை. அதற்குக் கணக்கெடுத்தவர்களில் நானும் ஒருவன். பெரும்பாலான இடங்களில் பாதிப்பு நன்றாகக் குறைந்திருந்தது. எங்கள் பதிவேடுகளும் அதைத்தான் சொல்லின. ஆனால் படங்கள் இரண்டும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருந்தன. கூட்டத்தில் பார்த்தவர்கள், “இத்தனை வேலை நடந்தும் ஒன்றும் மாறவில்லையே” என்றார்கள். எண்களில் பிழை இல்லை, நிறம் பூசியதிலும் பிழை இல்லை. எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை ஒரு நிறம் என்று பிரித்த இடத்தில்தான் கோளாறு. அந்தப் பிரிப்பைப் பற்றி மட்டும் பேசவே இந்த மடல்.

கோரோப்ளெத் என்று சொல்லப்படும் இந்த வகைப் படத்தில், எண்களை நான்கோ ஐந்தோ வகுப்புகளாகப் பிரித்து வகுப்புக்கு ஒரு நிறம் கொடுக்கிறோம். 1826-ல் பிரான்சில் ஷார்ல் துய்ப்பேன் கல்வி நிலையை இப்படி நிறச்செறிவால் காட்டிய நாளிலிருந்து, பார்ப்பவர் கண் அடர்ந்த இடத்துக்குத்தான் முதலில் போகிறது. எது அடர வேண்டும் என்பதை வகுப்பு எல்லைகள் தீர்மானிக்கின்றன. அந்த எல்லைகளைப் போட அதிகம் பயன்படும் முறைகளில் இரண்டு உண்டு. சம இடைவெளி முறை, மிகச் சிறிய எண்ணுக்கும் மிகப் பெரிய எண்ணுக்கும் நடுவில் உள்ள தூரத்தைச் சமமாக வெட்டும். குவாண்டைல் முறை வட்டாரங்களை வரிசையில் நிறுத்தி, ஒவ்வொரு வகுப்புக்கும் சம எண்ணிக்கையில் அவற்றைப் பிரித்துக் கொடுக்கும். பைத்தானில் வரைபவர்களுக்கு இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஒரே ஒரு சொல்:

```python
gdf.plot(column="rate", scheme="equalinterval", k=4)
gdf.plot(column="rate", scheme="quantiles", k=4)
```

அந்த ஒரு சொல் படத்தின் பேச்சையே மாற்றிவிடும். நான் சொல்வதைத் தாளில் போட்டுப் பார்க்க, கற்பனையாக இருபது வட்டாரங்களை எடுத்துக்கொள்கிறேன். ஆயிரம் பேருக்கு இத்தனை பேர் என்ற கணக்கில், சிறியதிலிருந்து பெரியதாக அவற்றின் எண்கள் இவை: 4, 5, 6, 7, 8, 9, 10, 11, 12, 12, 13, 13, 14, 14, 15, 16, 18, 21, 38, 64. நிஜத் தரவும் பல நேரம் இப்படித்தான் இருக்கும். பெரும்பாலானவை கீழே நெருக்கமாக நிற்க, ஒன்றிரண்டு மட்டும் தனியே மேலே போய் நிற்கும்.

முதலில் சம இடைவெளி. 4-க்கும் 64-க்கும் நடுவில் தூரம் 60. நான்காக வெட்டினால் ஒவ்வொன்றும் 15. எல்லைகள் 19, 34, 49 என்று விழுகின்றன. 4 முதல் 18 வரையுள்ள பதினேழு வட்டாரங்களும் மிக வெளிர்ந்த நிறத்தில் சேர்ந்துவிடும். மிச்சம் மூன்று வகுப்புகளுக்கும் ஆளுக்கு ஒரு வட்டாரம்தான். படத்தைப் பார்ப்பவர் படிக்கும் செய்தி இது: “ஓர் இடத்தில் மட்டும் பெரிய சிக்கல், மற்ற இடமெல்லாம் நிம்மதி.” 4 இருக்கும் வட்டாரமும் அதைப்போல நாலரை மடங்கு பாதிப்புள்ள 18 இருக்கும் வட்டாரமும் ஒரே நிறம். அந்த 18-க்குள் இருக்கும் குடும்பங்களின் கவலை படத்தில் எங்கும் தெரியாது.

அடுத்தது குவாண்டைல். இருபதை நான்காகப் பிரித்தால் வகுப்புக்கு ஐந்து. 4 முதல் 8 வரை முதல் நிறம், 9 முதல் 12 வரை அடுத்தது, 13 முதல் 15 வரை மூன்றாவது, 16 முதல் 64 வரை கடைசி அடர்நிறம். இப்போது படம் கண்ணுக்கு நிறைவாக இருக்கும். எல்லா நிறமும் சமமாகப் பரவியிருக்கும். செய்தியும் மாறிவிட்டது: “நாலில் ஒரு பங்கு இடங்கள் ஆபத்தில் இருக்கின்றன.” 16-ம் 64-ம் ஒரே நிறம், நடுவில் நான்கு மடங்கு வித்தியாசம் இருந்தும். 15-ம் 16-ம் பக்கத்துப் பக்கத்து வட்டாரங்களாக இருந்தால், அவற்றின் நடுவே கண்ணை உறுத்தும் ஒரு கோடு தெரியும். மக்கள்தொகை ஆயிரமே உள்ள சிறு வட்டாரம் என்றால், கூடுதலாக ஒரே ஒரு நோயாளி வந்தாலே 15 என்பது 16 ஆகிவிடும். ஒரு மனிதரின் காய்ச்சல் ஒரு வட்டாரத்தையே கடைசி நிறத்துக்குத் தள்ளிவிடும்.

இரண்டு படமும் ஒரே இருபது எண்களிலிருந்து வந்தவை. ஒன்று மெய், மற்றது பொய் என்று நான் சொல்லவில்லை. அவை பதில் சொல்லும் கேள்விகள் வேறு. சம இடைவெளியில் அடர்நிறம் அளவைச் சொல்கிறது. குவாண்டைலில் அடர்நிறம் வரிசையில் இடத்தைச் சொல்கிறது, அவ்வளவுதான். பள்ளி வகுப்பில் கடைசி ஐந்து பேர் யார் என்பதற்கும் தோற்றவர்கள் யார் என்பதற்கும் உள்ள வித்தியாசம் இது. எல்லோருமே தேறிய வகுப்பிலும் கடைசி ஐந்து பேர் இருப்பார்கள். ஆகவே குவாண்டைல் படத்தின் குறிவிளக்கத்தில் “மிக மோசம்”, “அபாயம்” என்று எழுதுவது தவறு. “அதிகமுள்ள ஐந்து வட்டாரங்கள்” என்று எழுதினால் அது நேர்மை. முதலில் எந்த இடங்களுக்குக் குழு அனுப்பலாம் என்று பார்ப்பவருக்கு அந்தப் படம் நன்றாகவே பயன்படும்.

சம இடைவெளிக்கு இன்னொரு பலவீனம் உண்டு. அது இரண்டு எண்களை மட்டும் பிடித்துக்கொண்டு நிற்கிறது: மிகச் சிறியது, மிகப் பெரியது. நம் உதாரணத்தில் அந்த 64 உண்மையில் 6.4 என்றும், தட்டச்சில் புள்ளி விடுபட்டது என்றும் வைத்துக்கொள்ளுங்கள். திருத்தியவுடன் பெரிய எண் 38 ஆகிவிடும், எல்லைகள் 12.5, 21, 29.5 என்று இறங்கிவிடும். திருத்தியது ஒரே ஒரு வட்டாரத்தின் எண். ஆனால் 13 முதல் 18 வரை இருந்த ஏழு வட்டாரங்களும், தங்கள் கணக்கில் எந்த மாற்றமும் இல்லாமலே, வெளிர்நிறத்திலிருந்து அடுத்த நிறத்துக்கு ஏறிவிடும். மூன்றாவது வகுப்பில் ஒரு வட்டாரம்கூட இருக்காது. குறிவிளக்கத்தில் ஒரு நிறம் இருந்து படத்தில் அது எங்குமே இல்லையென்றால், உடனே சந்தேகப்படுங்கள். எங்கோ ஓர் எண் மற்றவற்றைவிட்டு வெகுதூரம் போயிருக்கிறது என்று அர்த்தம். குவாண்டைலும் இந்தத் திருத்தத்தில் கொஞ்சம் ஆடும், ஆனால் குலையாது. இரண்டு 12-களும் சரியாக எல்லையிலேயே விழுவதால் மென்பொருள் இரண்டையும் ஒரே பக்கம் சேர்த்து, ஐந்து ஐந்தாக வர வேண்டியது 5, 6, 4, 5 என்று வரும்.

வகுப்பே வேண்டாம், எண்ணுக்கு ஏற்றபடி நிறத்தை மெல்ல மெல்ல அடர்த்திவிடலாமே என்று சிலர் கேட்கிறார்கள். புவியியலாளர் வால்டோ டோப்ளர் 1973-ல் முன்வைத்த யோசனை அது. நம் தரவில் அதுவும் சம இடைவெளியின் கதையாகவே முடியும். 64 முழு அடர்த்தியை எடுத்துக்கொள்ள, 4-லிருந்து 18 வரை எல்லாம் கண்ணுக்கு எளிதில் பிரிபடாத வெளிர்நிறத்தில் கிடக்கும்.

இப்போது நான் தொடங்கிய இடத்துக்கு வருகிறேன். எங்கள் உழைப்பு அந்த இரண்டு படங்களில் எப்படிக் காணாமல் போனது? இருபது எண்களையும் சரிபாதியாக்குங்கள்: 2, 2.5, 3 என்று தொடங்கி 19, 32 என்று முடியும். நோய் பாதியாகக் குறைந்துவிட்டது. இதைப் புதிதாகக் குவாண்டைலில் போட்டால் அதே ஐந்து வட்டாரங்கள் அடர்நிறம், அதே ஐந்து வெளிர்நிறம், ஓர் அணுவும் மாறாது. வரிசை மாறவில்லையே! குவாண்டைலுக்குத்தான் இந்தக் குறை, சம இடைவெளி தப்பிக்கும் என்று நானும் வெகுகாலம் நினைத்திருந்தேன். அதுவும் தப்பாது. ஒவ்வோர் ஆண்டுக்கும் அந்தந்த ஆண்டின் சிறிய, பெரிய எண்ணை வைத்து வெட்டினால், எல்லைகளும் பாதியாகி 9.5, 17, 24.5 என்று கூடவே இறங்கிவிடும். படம் அதே படம்தான். குறிவிளக்கத்தின் பொடி எழுத்துகளில் மட்டும் எண்கள் மாறியிருக்கும். கூட்டத்தில் தூரத்திலிருந்து திரையைப் பார்ப்பவர் அதைப் படிக்க மாட்டார்.

இதற்கு வழி, ஆண்டுகள் எல்லாவற்றுக்கும் ஒரே எல்லையைப் பூட்டிவிடுவதுதான். துறைக்குள் பொருளுள்ள எண்கள் இருந்தால் அவற்றையே எல்லையாக எடுக்கலாம். இல்லையென்றால் எல்லா ஆண்டுத் தரவையும் ஒன்றாகக் கொட்டி அதிலிருந்து எல்லைகளை எடுத்துவிட்டு அப்படியே வைத்துக்கொள்ளலாம். உதாரணத்துக்கு 10, 20, 40 என்று வைக்கிறேன். முதல் ஆண்டில் நான்கு நிறங்களுக்கும் 7, 10, 2, 1 என்று வட்டாரங்கள் விழுகின்றன. பாதியாகக் குறைந்த ஆண்டில் 17, 2, 1, 0. கடைசி அடர்நிறம் படத்திலிருந்தே மறைந்துவிட்டது. இங்கே காலியாகிவிட்ட வகுப்பு பிழை இல்லை, அதுதான் செய்தி. அதனால் குறிவிளக்கத்தில் அந்த நிறத்தை நீக்காமல் விட்டுவைக்க வேண்டும்.

QGIS-ல் வரைபவர்கள் நிறம் பூசும் முன் `Histogram` தாவலைத் திறந்து `Load Values` அழுத்திப் பாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். தூண்கள் இடப்பக்கம் குவிந்து வலப்பக்கம் ஒற்றைத் தூண் தனியாக நின்றால், `Equal Interval` போட்டால் படம் வெளிறிப்போகும் என்பதும், `Equal Count (Quantile)` போட்டால் கடைசி வகுப்பு அளவுக்கு மீறி நீளும் என்பதும் வரையும் முன்பே தெரிந்துவிடும். எண்கள் ஓரளவு சமமாகப் பரவியிருந்தால் இரண்டு முறையும் ஏறக்குறைய ஒரே படத்தைத்தான் தரும். அப்போது எதை எடுத்தாலும் பெரிய பாதகமில்லை.

உங்களிடம் கேட்பது அதிகமில்லை. ஒவ்வொரு படத்தின் கீழும் எந்த முறையில் வகுப்பு பிரித்தீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள். குறிவிளக்கத்தில் ஒவ்வொரு நிறத்தின் பக்கத்திலும் அதில் எத்தனை வட்டாரங்கள் என்று போடுங்கள். “17, 1, 1, 1” என்று பார்த்தவுடனேயே, வெளிர்நிறத்துக்குள் நிறைய ஒளிந்திருக்கிறது என்று வாசகருக்குப் புரிந்துவிடும். “16–64” என்ற நீண்ட வகுப்பைப் பார்த்தால் அடர்நிறத்தை அவர் ஒன்றுபோல நம்ப மாட்டார். இரண்டு ஆண்டுகளை அருகருகே வைக்கும்போது எல்லைகள் ஒன்றாக இருக்கட்டும். அப்படி வைக்க முடியவில்லையென்றால், தயவுசெய்து அருகருகே வைக்காதீர்கள்.

நான் சொன்ன அந்த இரண்டு படங்களின் மூல எண்கள் அறிக்கையின் பின்னிணைப்பிலேயே இருக்கின்றன. எல்லைகளை ஒன்றாக்கி மறுபடி வரைய ஒரு பிற்பகல் போதும். அடுத்த பதிப்புக்கு முன் அதைச் செய்யுங்கள். கணக்கெடுக்க வீடு வீடாகப் போனவர்கள் சார்பில் கேட்கிறேன்.

இப்படிக்கு,
கணக்கெடுத்தவர்களில் ஒருவன்