கதிருக்கு, முட்டை விஷயமாக

அன்புள்ள கதிர்,

நேற்று போனில் உன் குரல் ரொம்பச் சோர்ந்திருந்தது. ஒரு வாரமாகக் கஞ்சியும் மோரும்தான் என்றாய். முட்டை தின்ன ஆசையாக இருக்கிறது, ஆனால் மஞ்சள் காமாலைக்கு ஆகாது என்று அப்பத்தா சொல்லிவிட்டார்கள் என்றும் சொன்னாய். கிராம சுகாதாரச் செவிலியராக இத்தனை வருஷம் வீடு வீடாகப் போனவள் நான். இந்தப் பேச்சை எத்தனையோ திண்ணைகளில் பேசியிருக்கிறேன். என் பிள்ளைக்கும் விவரமாகச் சொல்ல வேண்டும், அதனால் எழுதுகிறேன்.

உனக்கு வந்திருப்பது ஹெபடைடிஸ் ஏ, கெட்ட தண்ணீரிலோ சாப்பாட்டிலோ வந்த கிருமி. கண்ணில் தெரியும் மஞ்சள், பழைய ரத்த அணுக்கள் சிதைவதால் உண்டாகும் பிலிரூபின். அதை வெளியேற்றும் கல்லீரல் வீங்கிக் கிடப்பதால் அது ரத்தத்தில் தேங்குகிறது. முட்டைக் கருவின் மஞ்சள் வேறு. கோழி தின்ற மக்காச்சோளத்திலும் கீரையிலும் இருந்து வந்த நிறமி அது. அதைத் தின்றால் உன் கண் மஞ்சள் அதிகமாகாது.

அப்பத்தா சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது. காமாலையில் எண்ணெய்ப் பதார்த்தத்தைப் பார்த்தாலே குமட்டும். நம் வீட்டில் முட்டை என்றால் ஆம்லெட், இல்லாவிட்டால் எண்ணெய் மிதக்கும் குழம்பு. தின்றவர்கள் வாந்தி எடுத்தார்கள், பழி முட்டை மேல் விழுந்தது.

இப்போது உன் கணக்கைப் பார். நீ 60 கிலோ. நோயில்லாத நாளிலேயே உனக்கு ஏறக்குறைய 50 கிராம் புரதம் வேண்டும். நாளைக்கு 200 கிராம் அரிசி கஞ்சியாகப் போனால் 15 கிராம் கிடைக்கும், மோரில் இன்னும் சில கிராம். பாதிகூட வரவில்லை. கல்லீரல் தன்னைச் சரிசெய்துகொள்ளும் நேரத்தில் உடம்பு தன் தசையைக் கரைத்துச் சமாளிக்கிறது. எழுந்து நிற்கும்போது கால் நடுங்குகிறது என்றாயே, சாப்பாடு குறைந்ததும் அதற்கு ஒரு காரணம். ஒரு முட்டையில் 6 கிராம் புரதம் இருக்கிறது. இரண்டு முட்டையும் இரண்டு வேளை பருப்பும் சேர்ந்தால் பள்ளம் பெரும்பாலும் நிரம்பிவிடும்.

காலையில் சாப்பிடு. இந்த நோயில் நேரம் ஆக ஆகக் குமட்டல் கூடும், காலையில்தான் வயிறு கொஞ்சம் இடம் கொடுக்கும். தண்ணீர் கொதித்த பிறகு பத்து நிமிஷம் வேகவிடு, கரு கெட்டியாக வேண்டும். ஓடு விரிசல் விட்ட முட்டையை எடுக்காதே, சால்மோனெல்லா கிருமி இருக்கலாம். பச்சை முட்டை பலம் என்று யாராவது சொன்னால் கேட்காதே, அதன் புரதத்தில் பாதிதான் உடம்பில் சேரும். முதல் நாள் அரை முட்டை போதும். குமட்டினால் விட்டுவிடு, மறுநாள் பார்க்கலாம். ரோட்டோரக் கரும்புச் சாறு மட்டும் வேண்டாம். அந்த ஐஸும் தண்ணீரும்தான் எனக்குப் பயம்.

பித்தப்பைக் கல்லால் வரும் காமாலை வேறு. அதில் கொழுப்பு உள்ளே போனால் வலது விலாவுக்குக் கீழே வலி பிடிக்கும், அப்போது மஞ்சள் கருவையும் டாக்டரைக் கேட்டுத்தான் சாப்பிட வேண்டும். உன் ஸ்கேனில் கல் இல்லை.

உனக்கு ஆறு வயதில் அம்மை போட்டது நினைவிருக்கிறதா? வேப்பிலை கட்டி, தாளிப்பு நிறுத்தி, பத்து நாள் முட்டையையும் நிறுத்தினோம். அந்த வழக்கத்தை நான் மதிக்கிறேன். ஆனால் காய்ச்சல் ஒரு டிகிரி செல்சியஸ் ஏறினால் உடம்பு சுமார் பத்தில் ஒரு பங்கு கூடுதலாக எரிக்கும். வாய்ப்புண்ணோடு இருந்த உனக்கு மசித்த முட்டை இதமாக இறங்கியிருக்கும். கொப்புளம் தழும்பானது நீ சொறிந்ததால். முட்டை ஒவ்வாமை உள்ள பிள்ளைக்குத்தான் அது ஆகாது, அம்மை இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

உன் அக்காவும் கேட்டாள், மீனோடு முட்டையோ பாலோ சேர்ந்தால் வெண்புள்ளி வருமா என்று. வராது. தோலுக்கு நிறம் தரும் செல்களை உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தாக்குவதால் வருவது அது. ஐஸில் வைக்காத சூரையோ கானாங்கெளுத்தியோ தின்றால் உடம்பு சிவந்து தடிக்கும், ஆனால் அது கெட்ட மீனில் சேரும் ஹிஸ்டமினால் வருவது. கூட இருந்த பாலைக் குற்றம் சொல்லியிருப்பார்கள்.

பேச்சு குழறினாலோ, பகலெல்லாம் தூங்கி வழிந்தாலோ, பல் ஈறில் ரத்தம் வந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போ, எந்த நேரமானாலும் எனக்குப் போன் செய். காய்ச்சலுக்கு மாத்திரையை நீயாகப் போடாதே.

அப்பத்தாவிடம் நான் பேசிக்கொள்கிறேன். வியாழக்கிழமை எடுக்கும் ரத்தப் பரிசோதனையில், ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். எவ்வளவு என்று போட்டோ அனுப்பு.

அன்புடன்,
அம்மா