சமரச மையத்துக்கு அனுப்பினால் விட்டுக்கொடுக்க வேண்டுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பக்கத்து வீட்டாருடனான சுவர் வழக்கை நீதிமன்றம் சமரச மையத்துக்கு அனுப்பிவிட்டதாகவும், தன்னை விட்டுக்கொடுக்கச் சொல்வார்களோ என்று அஞ்சுவதாகவும் வாசகர் ஒருவர் தங்கள் சட்ட ஆலோசனைப் பகுதிக்கு எழுதியிருந்தார். மாவட்ட சமரச மையத்தில் சமரசராக அமரும் வழக்கறிஞன் என்ற முறையில் அவருக்குச் சிலவற்றை விளக்க விரும்புகிறேன்.

உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 89-ஆம் பிரிவு நீதிமன்றத்துக்குக் காட்டும் வழிகளில் சமரசமும் இணக்குவிப்பும் அடங்கும். இணக்குவிப்பாளர் தீர்வுக்கான நிபந்தனைகளைத் தாமே எழுதி முன்வைக்கலாம். ஆனால் இரு தரப்பும் சம்மதித்தால்தான் வழக்கை அவரிடம் அனுப்ப முடியும். சமரசத்துக்கு அனுப்ப அந்தச் சம்மதம் தேவையில்லை என்று 2010-இல் ஆஃப்கான்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. (2023-ஆம் ஆண்டின் சமரசச் சட்டம் இணக்குவிப்பையும் சமரசத்தின் வரையறைக்குள் கொண்டுவந்துவிட்டது.) ஆகவே வாசகர் மையத்துக்குப் போய்த்தான் ஆக வேண்டும். ஆனால் ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும் என்ற கட்டாயம் அவருக்கு எந்தக் கட்டத்திலும் இல்லை.

மையத்தில் பேசப்படுவது வெளியே போகக்கூடாது என்பதால், பல வழக்குகளில் திரும்பத் திரும்பக் கண்டதை ஒன்றாக்கி ஓர் உதாரணமாகச் சொல்கிறேன். இரு வீடுகளுக்கும் நடுவே மூன்றடிச் சந்து. பிரதிவாதி அதன் வாயிலில் சுவர் எழுப்பிவிட்டார். அதை இடிக்கச் செயலுறுத்துக் கட்டளை கோரி வாதி முன்சீப் நீதிமன்றம் வந்தார். எதிருரை தாக்கலானதும், நீதிமன்றம் தீர்மானிக்க வேண்டிய கேள்விகளான எழுவினாக்கள் வனையப்படுவதற்கு முன்பே, நீதிபதி வழக்கை மையத்துக்கு அனுப்பினார். முதல் அமர்வில் இரு தரப்பையும் வழக்கறிஞர்களோடு ஒன்றாக அமர்த்தி, தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் தமக்கு இல்லை என்பதைச் சமரசர் விளக்கினார். பத்திரத்தையும் புலப்படத்தையும் விரித்து, சந்து யாருடையது என்று இருவரும் அன்று முழுவதும் வாதாடினார்கள்.

திருப்பம் தனி அமர்வில் வந்தது. ஒரு தரப்பை மட்டும் அழைத்துப் பேசும் இந்த அமர்வில் சொல்லப்படுவதை, அவர் அனுமதியின்றிச் சமரசர் மறுதரப்பிடம் சொல்ல மாட்டார். வாதியின் மாடியிலிருந்து வரும் இரண்டு குழாய்கள் சந்தில் கொட்டும் மழைநீரால் தம் படுக்கையறைச் சுவர் ஓதம் காத்து உதிர்வதாகப் பிரதிவாதி அங்குதான் மனம்விட்டுச் சொன்னார். வாதியோ, தம் வீட்டுச் சுவரின் வெளிப்பக்கத்தைப் பூசவும் வெள்ளையடிக்கவும் ஆள் போக வழி இருந்தால் போதும் என்றார். வழக்குரையிலோ எதிருரையிலோ இந்த இரண்டில் ஒன்றுகூட இல்லை. அந்தச் சந்து யாருக்குச் சொந்தமென்று நீதிமன்றம் அறிவித்திருந்தாலும் ஓதம் நின்றிருக்காது என்பதால்தான், இத்தகைய வழக்குகளுக்குத் தீர்ப்பைவிடச் சமரசம் பொருத்தமானது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஒப்பந்தம் எழுதும் இடத்தில்தான் பலரும் சறுக்குகிறார்கள். ‘மழைநீரை முறைப்படுத்த வேண்டும்’ என்று எழுதிக் கையெழுத்திட்டால், பின்னர் அதை எந்த நீதிமன்றத்தாலும் நிறைவேற்ற இயலாது. எந்தச் சுவரின் எந்தக் குழாயை, எந்தப் பக்கம், யார் செலவில், எந்தத் தேதிக்குள் திருப்புவது, சுவரில் எத்தனை அடி அகலத்தில் கதவு வைப்பது, அதன் சாவி யாரிடம் இருப்பது, வேலைக்கு எத்தனை நாள் முன்பு தகவல் சொல்வது என்பதெல்லாம் வரைபடத்தோடு எழுதப்பட வேண்டும். வீட்டில் பங்குள்ள அண்ணன் தம்பி, அக்கா தங்கை எவரேனும் கையெழுத்திடாமல் விடுபட்டால், அவரே பின்னர் வழக்குத் தொடுக்கலாம். வழக்கில் இல்லாத வேறொரு நிலத்துண்டையும் மாற்றிக்கொள்வதாக எழுதினால், அதன்மேல் வரும் தீர்ப்பாணையைப் பதிவு செய்தாக வேண்டும் என்பதைப் பதிவுச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு சொல்கிறது. வழக்கறிஞர்களே சில நேரம் இதைக் கவனிப்பதில்லை.

பேச்சு முறிந்தால், தீர்வு ஏற்படவில்லை என்று மட்டும் சமரசர் நீதிமன்றத்துக்குத் தெரிவிப்பார். யார் பிடிவாதம் பிடித்தார், எவர் எதை ஒப்புக்கொண்டார் என்பது அதில் இராது. பேச்சுவார்த்தையில் சொன்னதைச் சாட்சியமாக்கவும் முடியாது. தீர்வு ஏற்பட்டால், இரு தரப்பும் வழக்கறிஞர்களும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் நீதிபதியிடம் போய், அவர் அது சட்டப்படியானது என்று கண்டபின் தீர்ப்பாணையாகும். பின்னாளில் ஒருவர் மீறினால் மற்றவர் புதிய வழக்குப் போட வேண்டியதில்லை, நிறைவேற்று மனுவே போதும். வாதி கட்டிய நீதிமன்றக் கட்டணம் முழுவதும், தமிழ்நாடு நீதிமன்றக் கட்டணச் சட்டத்தின் 69-ஏ பிரிவின்படி, அவருக்கே திரும்பக் கிடைக்கும்.

இப்படிக்கு,
சமரசர் ஒருவர்,
தஞ்சாவூர்.