பூந்தி மொறுமொறுத்தால் லட்டு பிடிக்காது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் பண்டிகைப் பலகாரப் பகுதியில் வெளியான பூந்தி லட்டுக் குறிப்பில், பூந்தியை ‘மொறுமொறுப்பாகும் வரை’ பொரித்தெடுக்கும்படி எழுதப்பட்டிருந்தது. காராபூந்திக்குச் சொல்ல வேண்டியதை லட்டுக்குச் சொல்லிவிட்டார்கள். அதை அப்படியே பின்பற்றியவர்களுக்கு லட்டு கையில் நிற்காமல் உதிர்ந்திருக்கும். அவர்களும் பாகு சரியில்லை என்று நினைத்திருப்பார்கள்.

லட்டுக்கான பூந்தி வெந்திருக்க வேண்டும், ஆனால் காய்ந்திருக்கக் கூடாது. எண்ணெயில் விழுந்தவுடன் எழும் சலசலப்பு அடங்கத் தொடங்கும்போதே, முழுவதும் அடங்குவதற்குள், அரித்து எடுத்துவிட வேண்டும். ஒரு மணியை விரல்களுக்கிடையே அழுத்திப் பார்த்தால் மெத்தென்று நசுங்க வேண்டும். உள்ளே பச்சை மாவு ஒட்டக் கூடாது. பொடியாக உடையவும் கூடாது. இப்படி மென்மையாக இருக்கும் பூந்திதான் பாகைக் குடித்து ஊறி, பிடிக்கும்போது நசுங்கி ஒன்றோடொன்று ஒட்டும். முறுகிய பூந்தியின் மேல் பாகு பூச்சாக மட்டுமே நிற்கும், ஆறியதும் சர்க்கரைத் தூளாக உதிரும்.

மாவுப் பதத்தைப் பற்றிக் குறிப்பில் ‘தோசை மாவு போல’ என்று ஒரே வரியில் முடித்திருந்தார்கள். வீட்டுக்கு வீடு தோசை மாவே வேறாக இருக்கும்போது இது போதாது. 2 டம்ளர் கடலை மாவைச் சலித்து, முதலில் 1 டம்ளர் தண்ணீர் விட்டுக் கட்டியில்லாமல் கரைத்துக்கொண்டு, பிறகு சிறிது சிறிதாகக் கால் டம்ளர் வரை சேர்த்துக்கொண்டே போனால் பதம் கிடைத்துவிடும். மாவுக்கு மாவு தண்ணீர் இழுப்பது மாறும் என்பதால் காய்ந்த எண்ணெயில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துவிடுவதே நிச்சயம். சொட்டு உருண்டையாக மேலே எழும்பினால் சரி. தட்டையாகப் பரவினால் மாவு நீர்த்துவிட்டது, ஒரு கரண்டி மாவு சேர்க்கலாம். வால் முளைத்தால் கெட்டி, சிறிது தண்ணீர் தெளிக்கலாம். மாவு சரியாக இருந்தும் இரண்டாவது ஈட்டிலிருந்து வால் வருகிறதென்றால் குற்றம் கரண்டியுடையது. பூந்திக் கரண்டியின் அடியில் ஒட்டிய மாவை ஒவ்வொரு முறையும் ஈரத்துணியால் துடைக்காவிட்டால் துளைகள் அடைபட்டு, சொட்டு இழுபட்டுத்தான் விழும். கரண்டியை எண்ணெய்க்கு மேலே ஒரு கையகல உயரத்தில் பிடித்து, விளிம்பை மெதுவாகத் தட்டினால் போதும். மாவைக் கரண்டியில் வைத்துத் தேய்ப்பவர்களுக்கு மணி மணியாக விழாது.

பாகு விஷயத்தில் அந்தக் குறிப்போடு எனக்குச் சண்டை இல்லை. மேற்சொன்ன மாவுக்கு இரண்டரை டம்ளர் சர்க்கரையும் ஒன்றேகால் டம்ளர் தண்ணீரும் வைத்து ஒற்றைக் கம்பிப் பதத்தில் இறக்க வேண்டும் என்பதே என் கணக்கும். ஆனால் கம்பி வந்த பிறகு அடுப்பை அணைத்தாலும், பாத்திரத்தின் சூட்டில் பாகு இன்னும் சற்று முற்றும் என்பதைச் சொல்லியிருக்கலாம். பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே கம்பி நீண்டு அறுபடாமல் நிற்கத் தொடங்கிய கணத்திலேயே பாத்திரத்தை இறக்கி, சில சொட்டு எலுமிச்சைச் சாறு பிழிந்துவிட்டால் சர்க்கரை மறுபடியும் பூத்துக்கொள்வது குறையும். புளிப்பு சர்க்கரையில் ஒரு பகுதியைப் பிரித்துவிடுவதால் அது எளிதில் படிகமாவதில்லை. சூடான பாகில் பூந்தியைப் போட்டுக் கிளறி, ஏலப்பொடி, இரண்டு மூன்று கிராம்பு, கடுகளவு பச்சைக் கற்பூரம், நெய்யில் வறுத்த முந்திரி, திராட்சை எல்லாம் சேர்த்து மூடி வைத்து, பாகு ஊறிக் கை பொறுக்கும் சூடு வந்ததும் பிடிக்க ஆரம்பிக்க வேண்டும். (கற்பூரத்தைத் தாராளமாகப் போடுபவர்கள் லட்டுக்கு மருந்து வாசனையைத்தான் கொடுக்கிறார்கள்.)

பூந்தி மென்மையாக இருந்தும் பிடிக்க வரவில்லையென்றால் இரண்டு காரணங்கள்தான் இருக்கும். கலவை சொதசொதவென்று இருந்தால் பாகு இளசு. ஒரு கைப்பிடிப் பூந்தியை மட்டும் மிக்ஸியில் ஒரு சுற்று சுற்றிக் கலந்து, சிறிது நேரம் விட்டால் இறுகிவிடும். மாறாக, ஓரங்களில் வெள்ளை பூத்து வறண்டு உதிர்ந்தால் பாகு முற்றிவிட்டது. இரண்டு மேசைக்கரண்டி வெந்நீர் தெளித்து, மிகச் சிறு தணலில் பாத்திரத்தை வைத்துக் கிளறினால் இளகும், உடனே பிடித்துவிட வேண்டும். பூந்தியே முறுகியிருந்தால் இந்த வெந்நீர் வைத்தியமும் பாதிதான் கேட்கும்.

எனவே, அடுத்த இதழிலேயே ‘மொறுமொறுப்பாகும் வரை’ என்பதை ‘சலசலப்பு அடங்கத் தொடங்கும் வரை’ என்று திருத்தி வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கும்பகோணம்.