இரவுப் பணியைச் சமமாகப் பகிரவும், இரவு முடிந்தபின் உண்மையான ஓய்வு தரவும் கோரும் மனு

அனுப்புநர்:
ஆண்கள் பொது மருத்துவ வார்டுச் செவிலியர்கள்,
அரசு தலைமை மருத்துவமனை.

பெறுநர்:
உயர்திரு இணை இயக்குநர் அவர்கள்,
மருத்துவம் மற்றும் ஊரக நலப்பணிகள்.

பொருள்: செவிலியர் பணிப்பட்டியலைத் திருத்தி அமைக்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: சனவரி, மார்ச் மாதங்களில் நேரில் அளித்த எங்கள் மனுக்கள் இரண்டு. எழுத்து மூலம் பதில் இல்லை.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். தாங்கள் இந்த மருத்துவமனைக்குப் பலமுறை ஆய்வுக்கு வந்திருக்கிறீர்கள். பழைய கட்டடத்தின் மாடியில், சாய்தளத்தின் முடிவில் இருக்கும் எங்கள் வார்டையும், படுக்கைகள் நிரம்பிய பின் வராந்தாவில் பாய் விரித்துப் படுத்திருக்கும் நோயாளிகளையும் தாங்களே பார்த்திருக்கிறீர்கள். ஆகையால் வேலைப்பளுவைப் பற்றி இங்கே விரித்து எழுதவில்லை. பணிப்பட்டியல் ஒன்றைப் பற்றி மட்டுமே மூன்றாம் முறையாகத் தங்கள் முன் வருகிறோம்.

1. எங்கள் வார்டில் காலைப் பணி 7 முதல் 1 வரை, மாலைப் பணி 1 முதல் 7 வரை, இரவுப் பணி மாலை 7 முதல் மறுநாள் காலை 7 வரை. பட்டியலில் 9 பேர் இருக்கிறோம். இரவுக்கு இருவர் வேண்டும் என்பதால் 30 நாள் மாதத்தில் 60 இரவுப் பணிகள் வருகின்றன. சென்ற மாதம் அவற்றில் 52 இரவுகளைத் தொகுப்பூதியச் செவிலியர் நால்வர், ஆளுக்கு 13 வீதம் பார்த்தார்கள். மீதி 8 இரவுகளை நிரந்தரப் பணியிலுள்ள மூவர் பகிர்ந்துகொண்டார்கள். மருத்துவச் சான்று அளித்துள்ள இருவருக்கு இரவு இல்லை. அதில் எங்களுக்கு மனக்குறையும் இல்லை. மூத்த சிஸ்டர்கள் மீது குற்றம் சொல்வதற்காக இதை எழுதவில்லை. பட்டியலை அவர்கள் போடுவதில்லை.

2. எங்களை மிகவும் வாட்டுவது இரவுகளின் எண்ணிக்கையைக் காட்டிலும், அவற்றுக்குப் பிறகு ஓய்வு என்று எழுதப்படும் அந்த ஒரு நாள்தான். இம்மனுவை எழுதும் என்னுடைய பட்டியலையே சான்றாகக் காட்டுகிறேன். திங்கள் முதல் சனி வரை தொடர்ந்து ஆறு இரவுகள். சனிக்கிழமை மாலை 7 மணிக்கு வார்டுக்குள் நுழைந்த நான் ஞாயிறு காலை 7 மணிக்குப் பணி முடிக்கிறேன். அந்த ஞாயிற்றுக்கிழமைக் கட்டத்தில் 'நைட் ஆஃப்' என்று எழுதப்பட்டிருக்கிறது. அதே கட்டம் வார விடுமுறையாகவும் கணக்கிடப்படுகிறது. திங்கள் காலை 7 மணிக்கு எனக்குக் காலைப் பணி. ஐயா, எனக்கு விடுமுறை என்று ஏட்டில் உள்ள அந்த ஞாயிற்றுக்கிழமையில், நள்ளிரவு 12 முதல் காலை 7 வரை ஏழு மணி நேரம் நான் வார்டில் பணியாற்றியிருக்கிறேன். பணி செய்த நாளையே விடுமுறை நாளாக எப்படி எழுத முடியும்?

ஏழு மணிக்குப் பணி முடிந்தாலும் அப்போதே கிளம்பிவிட முடிவதில்லை. பூட்டி வைக்கும் மருந்துகளை எண்ணி ஒப்படைத்து, ஒவ்வொரு படுக்கையாகச் சென்று நிலைமை சொல்லி, அறிக்கையில் கையெழுத்திட்டு இறங்கும்போது 8 மணி ஆகிவிடுகிறது. ரயில்வே கேட்டில் நின்று பேருந்து நிலையம் போய்ச் சேர்ந்து, ஊர்ப் பேருந்து பிடித்து வீட்டை அடைய ஒன்பதரை. பகலில், வெயிலும் சத்தமுமாக இருக்கும் வீட்டில், நான்கு மணி நேரத் தூக்கம் வந்தாலே பெரிது. அன்றிரவு, ஆறு நாள் விழித்துப் பழகிய உடம்புக்குத் தூக்கம் பிடிப்பதில்லை. விடியற்காலை நாலரைக்கு எழுந்து முதல் பேருந்துக்கு ஓட வேண்டும். இதுவே எங்கள் வார விடுமுறை, நைட் ஆஃப் இரண்டும்.

3. சென்ற மாதம் ஆறாவது இரவின் முடிவில், விடிகாலை 6 மணிக்கு நடந்ததை மறைக்காமல் சொல்கிறேன். எங்கள் வார்டுக்கு வருவது ஒரு மில்லிக்கு 40 யூனிட் உள்ள இன்சுலின். அதற்குரிய சிரிஞ்சின் மூடி சிவப்பு. அன்று ஒரு நோயாளி வெளியில் வாங்கிய 100 யூனிட் குப்பியை வைத்திருந்தார். அதற்கு ஆரஞ்சு மூடி சிரிஞ்சு வேண்டும். நான் கை பழகிய சிவப்பு மூடி சிரிஞ்சை எடுத்து 20 என்ற கோடு வரை ஏற்றிவிட்டேன். அந்தக் கோடு வரை நிற்பது அரை மில்லி. அந்தக் குப்பியில் அது 50 யூனிட். உடன் நின்ற சிஸ்டர் குப்பியைப் பார்த்து என் கையைப் பிடித்து நிறுத்தினார். மருந்து நோயாளிக்குப் போகவில்லை. பத்தாண்டுகளாக ஊசி போடும் எனக்கு இந்த வேறுபாடு தெரியாததன்று; அந்த நேரத்தில் அது கண்ணில் படவில்லை. மூன்று, நான்கு மணிக்கு மேல் உடம்பு தானே தளர்கிறது, ஆறாவது இரவில் அது இரண்டு மடங்காகிறது. ஒருவேளை போயிருந்தால், பட்டியலைப் போட்டவரிடமா விளக்கம் கேட்டிருப்பார்கள்? எனக்குத்தான் குறிப்பாணை வந்திருக்கும்.

4. இதற்கு மேலும் ஒன்று. இரவு முடித்து வீட்டுக்குப் போனவரை, மாலைப் பணிக்கு ஆள் வரவில்லை என்று அதே நாள் பகல் ஒரு மணிக்கு அழைக்கிறார்கள். சென்ற மாதம் மூன்று முறை அழைத்தார்கள். மறுத்தால் ஒப்பந்தப் புதுப்பிப்பின்போது பார்த்துக்கொள்ளலாம் என்ற பேச்சு வருகிறது.

5. சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 1977-ஆம் ஆண்டு செவிலியர் பரிந்துரையில், இரண்டு பணிகளுக்கிடையே குறைந்தது 12 மணி நேரத் தொடர் ஓய்வும், வார ஓய்வு எவ்வகையிலும் 36 மணி நேரத்துக்குக் குறையாமலும் இருக்க வேண்டும் என்று உள்ளது. மார்ச் மாதம் இதைச் சொன்னபோது, அது வெறும் பரிந்துரை, இங்கே கட்டாயமில்லை என்றார்கள். சரி, கட்டாயமில்லை. செய்யக் கூடாது என்றும் எங்கும் சொல்லவில்லையே ஐயா!

6. ஆள் இல்லை என்பதே எப்போதும் கிடைக்கும் பதில். ஆகவே நாங்களே கணக்குப் போட்டு இணைத்துள்ளோம். 9 பேருக்கு மாதம் 270 ஆள்நாள். காலைக்கு மூவர், மாலைக்கு இருவர், இரவுக்கு இருவர் என்றால் தேவை 210. மீதி 60. இரவுகளை மும்மூன்றாகப் பிரித்து, இரவு பார்க்கக்கூடிய ஏழு பேருக்கும் பகிர்ந்தால் ஆறு பேருக்கு 9 இரவுகளும் ஒருவருக்கு 6 இரவுகளும் வரும். அந்த ஒருவர் மாதந்தோறும் மாறலாம். ஒவ்வொரு மூன்றிரவு முடிவிலும் இறங்கும் நாளைத் தூங்கும் நாளாகவும், அதற்கடுத்த நாளை விடுமுறையாகவும் விட்டால், மீண்டும் பணிக்கு வருவதற்குள் 48 மணி நேரம் கிடைக்கும். இதற்கு 40 நாள் செலவாகும். எல்லோருக்கும் மாதம் நான்கு விடுமுறை நிறைவதற்கு மேலும் 16 நாள். அதன் பிறகும் 4 நாள் மிஞ்சுகிறது. அந்த 4 நாள், ஒருவர் தொடர்ந்து விடுப்பில் போனால் போதாது என்பதை நாங்களே ஒப்புக்கொள்கிறோம். அதற்கு விடுப்பு மாற்றாள் ஒருவர் தேவை. ஆனால் மற்றதற்கு ஒரு ரூபாயும் செலவில்லை, புது ஆளும் வேண்டாம்.

ஆகவே ஐயா அவர்கள், பணி முடித்து இறங்கும் நாளை இனி விடுமுறையாக எழுதக் கூடாது என்றும், தொடர்ந்து மூன்று இரவுகளுக்கு மேல் ஒருவருக்கும் போடக் கூடாது என்றும், மருத்துவச் சான்று உள்ளவர்கள் தவிர ஏனைய எல்லோருக்கும் நிரந்தரம், தொகுப்பூதியம் என்ற வேறுபாடின்றி இரவுகளைப் பகிர வேண்டும் என்றும் மருத்துவமனைக்கு எழுத்து மூலம் உத்தரவிடுமாறு பணிவுடன் வேண்டுகிறோம். விடுப்பு மாற்றாள் கிடைக்கத் தாமதமானாலும், முதல் உத்தரவையாவது அடுத்த மாதப் பட்டியலுக்கு முன் பிறப்பிக்குமாறு மீண்டும் வேண்டுகிறோம். இறங்கும் நாள் விடுமுறை நாள் அன்று, ஐயா. அதை மட்டுமாவது உடனே திருத்தித் தாருங்கள்.

இணைப்பு: சென்ற மாதப் பணிப்பட்டியலின் நகல், நாங்கள் தயாரித்த மாற்றுப் பட்டியல்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஆண்கள் பொது மருத்துவ வார்டுச் செவிலியர்கள்
(ஒன்பது பேரின் கையொப்பம்)