குடிபூரலுக்கு நாற்பது இலை

இணுவில்,
ஞாயிறு காலை.

அன்புள்ள மகளுக்கு,

இங்கே நாங்கள் நல்ல சுகம். நீயும் மருமகனும் பிள்ளைகளும் சுகமாக இருக்க நல்லூரானை வேண்டிக்கொள்கிறேன். அம்மாவின் முழங்கால் பரவாயில்லை, எண்ணெய் பூசிக்கொண்டு திரிகிறா. புது வீட்டுக்கு நேற்றும் போய் வந்தேன். குசினிச் சுவருக்குப் பெயின்ற் அடித்து முடிந்துவிட்டது, வாசனை இன்னும் போகவில்லை, யன்னல்களைத் திறந்து வைத்துவிட்டு வந்திருக்கிறேன்.

நீ வெள்ளிக்கிழமை வட்ஸ்அப்பில் அனுப்பிய பட்டியலைக் கொப்பியில் எழுதிப் பார்த்தேன். மேலே நாற்பது பேர் என்று போட்டிருக்கிறாய். பெயர்களை எண்ணினால் முப்பத்தொன்பதுதான் வருகிறது. இரண்டு தரம் எண்ணினேன், அம்மாவும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு தரம் எண்ணினா. உன் பெயர் இருக்கிறது, பிள்ளைகள் இரண்டு பேரும் இருக்கிறார்கள், நாங்கள் இருக்கிறோம், மாமியும் மச்சாள்மாரும் இருக்கிறார்கள். சரி, அவசரத்தில் ஒன்று விடுபட்டிருக்கும். நான் நாற்பது என்றே வைத்துக்கொண்டு கணக்குப் பார்க்கிறேன்.

ஆனால் சமையல் நாற்பதுக்கு இல்லை, நாற்பத்தெட்டுக்கு. மேசன்மார் இரண்டு பேர், ஓடாவி, வயறிங் செய்த பொடியன், சமையற்காரர், அவருடைய கையாள், பரிமாற வரும் பொடியள் இரண்டு பேர். வீட்டைக் கட்டினவர்களுக்கு இலை போடாமல் குடிபூருவது எங்கள் வழக்கத்தில் இல்லை. ஐயருக்கு அரிசியும் காய்கறியும் தட்சிணையோடு கொடுத்துவிடுவோம், அவர் கணக்கில் வரமாட்டார்.

அடுத்தது நீ எழுதிய சாப்பாடு. பதினொரு கறி, அதற்கு மேல் புரியாணியும் கட்லட்டும். பிள்ளை, இது கலியாண மண்டபம் இல்லை, ஒரு குசினி, வெளியே இரண்டு அடுப்பு, ஒரு சமையற்காரர். மண்டபத்தில் ஆட்கள் சாப்பிடுவது முதல் நான்கு கறியைத்தான், மிச்சம் இலையோடு மடிக்கப்பட்டு மாட்டுக்குப் போகும். இப்படிச் செய்வோம்: சோறு, பருப்பு, கத்தரிக்காய்ப் பொரித்த குழம்பு, பூசணிக்காய்ப் பால்கறி, பயிற்றங்காய் வறை, அப்பளம், மோர்மிளகாய்ப் பொரியல், ரசம், பாயாசம், மோர். பிள்ளையாருக்குச் சுடுகிற உழுந்து வடையில் ஆளுக்கு ஒன்று. ஒரு கிலோ உழுந்துக்கு ஐம்பது வடைக்குக் குறையாமல் வரும். சாம்பாறு வேண்டாம், பருப்பும் குழம்பும் ரசமும் இருக்கும்போது அது எதற்கு.

இப்போது கவனமாக வாசி. ஒரே தரத்தில் நாற்பது பேரை இருத்தினால் பிழை வர இடமில்லை, சமைத்ததை அப்படியே போட்டுவிடலாம். இரண்டு பந்தி என்றால் ஒரே சமையலை ஒரு மணித்தியாலம் தள்ளி இன்னொரு தரம் பரிமாற வேண்டும். பிழை எல்லாம் அந்த ஒரு மணித்தியாலத்துக்குள்தான் நடக்கும். முன்விறாந்தையில் இருத்த வேண்டாம், வெயில் வரும். ஹோல் நீளம் இருபத்திரண்டு அடி, பத்துப் பத்தாக எதிரெதிரே இரண்டு வரிசை இருத்தலாம், நடுவில் பரிமாறுகிறவன் போய்வர இடம் இருக்கும். முதல் பந்தி பன்னிரண்டுக்கு. சாப்பிட்டு எழும்ப நாற்பது நிமிடம், இலை எடுத்து நிலம் துடைக்கக் கால் மணித்தியாலம், ஒரு மணிக்கு இரண்டாவது. வேலைக்காரர் எட்டுப் பேரில் மேசன்மாரும் ஓடாவியும் வயறிங் பொடியனும் இரண்டாம் பந்தியில் எங்களோடு இருக்கட்டும், நெருக்கி இருந்தால் இருபத்து நாலு பேர் கொள்ளும். சமைத்தவர்களுக்கும் பரிமாறினவர்களுக்கும் அதற்குப் பிறகு.

அரிசி எட்டுப் பேருக்கு ஒரு கிலோ. நாற்பத்தெட்டுக்கு ஆறு கிலோ, கைகாவலுக்கு ஒரு கிலோ கூட வாங்கி வைப்போம். இந்த ஆறையும் ஒரே கிடாரத்தில் போட்டுவிடலாம் என்று சமையற்காரர் சொல்வார், சம்மதிக்காதே. மூன்று மூன்றாக இரண்டு பானை. முதல் பந்திக்கு இலை போடுகிற நேரம் இரண்டாவது பானையை அடுப்பில் ஏற்றினால், அவர்கள் கை கழுவும்போது சோறு வடித்து இருக்கும். ஒரே கிடாரத்தில் ஆக்கினால் அடியில் உள்ளது குழைந்து, மேலே உள்ளது காய்ந்து, இரண்டாம் பந்திக்கு வருகிறது கட்டிச் சோறுதான். சம்பாப் புழுங்கலே வாங்குகிறேன், பச்சையரிசி ஆறினால் ஒட்டும்.

கறிகளில் குழம்பைப் பற்றிக் கவலை இல்லை. கத்தரிக்காய் நாலு கிலோ, பொரித்தால் பாதியாகச் சுருங்கும். பழப்புளி சேர்கிறதால் காலை எட்டு மணிக்கே வைத்து இறக்கலாம், பின்னேரம் வரைக்கும் ஒன்றும் ஆகாது, நேரம் போகப் போக ருசி கூடும். பயம் எல்லாம் தேங்காய் சேர்ந்த கறியில்தான். வைகாசி வெயில், புது வீடு, சீற் போட்ட குசினி. பத்து மணிக்கு இறக்கின பால்கறி இரண்டு மணிக்கு எப்படி இருக்கும் என்று சொல்ல முடியாது. ஓரத்தில் சின்னச் சின்ன நுரை கட்டியிருந்தால், அகப்பையால் தூக்கும்போது இழுபட்டால், மணந்து பார்க்கத் தேவையில்லை, ஊற்றிவிடு. பூசணிக்காயைப் பதினொன்றுக்குப் பிறகு வைக்கச் சொல். முதற்பாலை இறக்குகிற நேரத்தில் விட்டு ஒரு கொதி வரமுதல் இறக்க வேண்டும், கொதித்தால் பால் திரைந்து எண்ணெய் பிரியும். பயிற்றங்காயை முழுவதும் வெட்டி வைத்துவிட்டு, பாதியை மட்டும் முதலில் வறுத்துத் தேங்காய்ப்பூ போடு, மற்றப் பாதி முதல் பந்தி நடக்கும்போது. இறக்கின சட்டியைச் சூட்டோடு மூடியால் இறுக்கி மூடாதே, ஆவி தண்ணீராகிக் கறிக்குள் விழும், அதுதான் முதலில் புளிக்கும். வெள்ளைத் துணியைப் போட்டு மூடு.

அப்பளத்தையும் அந்தந்தப் பந்திக்குப் பத்து நிமிடம் முதல்தான் பொரிக்க வேண்டும், முழுவதையும் ஒரே தரத்தில் பொரித்து வைத்தால் நமத்துப் போகும். ஆளுக்கு இரண்டு, உடைவதும் பிள்ளைகள் திருடுவதும் சேர்த்து நூற்றியிருபது.

எல்லாவற்றையும்விட முக்கியம், கறியைப் பந்திக்கு முதலே இரண்டாகப் பிரித்து வைப்பது. இரண்டாம் பந்திக்கு உரிய சட்டிகளைச் சாமான் அறையில் வைத்துப் பூட்டு, திறப்பு அம்மாவின் கையில். முதல் பந்தியில் பருப்பு முடிந்தால் முடிந்ததுதான். யார் கேட்டாலும், நான் கேட்டாலும், அந்த அறை திறக்கக்கூடாது.

நான் கேட்டாலும் என்று எழுதியது சும்மா இல்லை. 1993 இல் இந்த வீட்டுக்குக் குடிபூரும்போது நீ மடியில் இருந்த பிள்ளை, உனக்கு நினைவிராது. மின்சாரம் இல்லை, மண்ணெண்ணெய் கிடைக்காது, சீனிக்கும் பருப்புக்கும் அலைந்து திரிந்து சேர்த்து வைத்திருந்தா உன் அம்மா. விடியப்புறம் மூன்று மணிக்கு எழும்பி விறகடுப்பில் சின்னம்மாவோடு சேர்ந்து முப்பது பேருக்குச் சமைத்தா. நான் பெரிய மனிசர்களோடு முதல் பந்தியில் இருந்தேன். புது வீட்டுக்காரன் என்ற எடுப்பு. போடு, இன்னும் போடு, அண்ணைக்குப் பருப்பு விடு என்று இருந்த இடத்தில் இருந்தபடி சத்தம் போட்டுக்கொண்டே இருந்தேன். இரண்டாம் பந்தியில் பெண்களும் பிள்ளைகளும். அவர்களுக்குக் கிடைத்தது சோறும் ரசமும். உன் பெரிய மாமி இலையில் கையை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தா. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது, அந்த வெட்கத்தில் எல்லோருக்கும் முன்னால் அம்மாவைப் பார்த்து, அளந்து சமைக்கத் தெரியாதா என்று ஏசினேன். அவ அளந்துதான் சமைத்திருந்தா. முப்பது பேருக்குச் சரியாகவே இருந்தது, நான்தான் பதினைந்து பேருக்கு ஊற்றி முடித்தேன். அன்றைக்கு அவ சாப்பிட்டாவா என்றுகூட நான் பார்க்கவில்லை. மூன்று நாள் என்னோடு கதைக்கவில்லை. நாலாம் நாள் நான் வாசலில் நின்று தேத்தண்ணி கேட்டேன், தந்தா, அதோடு சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். பிழை என்னுடையது என்று இன்றுவரை சொல்லவில்லை. இந்தக் கடிதத்தை மூடமுதல் அவவிடம் வாசிக்கக் கொடுக்கப் போகிறேன், கை கொஞ்சம் நடுங்குகிறது, எழுத்து கோணினால் அதனால்தான்.

இதை ஏன் உனக்கு எழுதினேன் என்று தெரியவில்லை. சாப்பாட்டுக் கணக்குத்தான் எழுத இருந்தேன்.

பாயாசத்தை மறந்துவிட்டேன். சவ்வரிசி முக்கால் கிலோ, வறுத்த பயற்றம் பருப்பு அரைக் கிலோ, சர்க்கரை ஒன்றரைக் கிலோ, தேங்காய் ஐந்து. சவ்வரிசி இருக்க இருக்கக் குடிக்கும், முதல் பந்திக்குத் தண்ணீராக இருந்தது இரண்டாம் பந்திக்குக் களியாகிவிடும். அதனால் இரண்டாம் பாலில் ஒரு போத்தல் தனியாக எடுத்து வைத்து, இளஞ்சூடாக்கி விட்டுக் கலக்க வேண்டும், பச்சையாக விட்டால் கட்டி கட்டியாக நிற்கும். மற்றக் கறிகளுக்கும் சேர்த்து மொத்தம் பதினைந்து தேங்காய், எங்கள் வளவிலேயே ஆய்ந்துவிட்டேன். காய்கறி முதல் நாள் விடியத் திருநெல்வேலிச் சந்தையில் வாங்குவேன்.

கொழும்பில் இருந்துகொண்டே இப்படி ஒரு வீட்டைக் கட்டி முடித்தாய், ஒரு சதம் கடன் கேட்டு என்னிடம் வரவில்லை. சந்தியில் நிற்கிறவர்களிடம் எல்லாம் சொல்லித் திரிகிறேன். ஆனால் மூன்று மாதமாக ஞாயிற்றுக்கிழமைகளில் ஐந்து நிமிடம் கதைத்துவிட்டுப் போனைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிடுகிறாய். அம்மா கேட்கிறா, நான் ஒபிசில் வேலை கூட என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

ஐயர் நேற்றுக் கேட்டார், சங்கற்பத்துக்கு இரண்டு பேருடைய நட்சத்திரமும் வேண்டுமாம். உன்னுடையதைச் சொன்னேன். மற்றதும் எனக்குத் தெரியும், ஆனாலும் நீயே எழுதி அனுப்பினால் நல்லது. வியாழக்கிழமைக்குள் அனுப்பு. அனுப்ப முடியாவிட்டால் அதையாவது சொல்லு, கோபிக்க மாட்டேன்.

வாழையிலை பின்வளவில் வெட்டப்போகிறேன். ஐம்பது வெட்டுவேன், எண்ணிக்கை எதுவென்றாலும்.

இப்படிக்கு,
அப்பா

அம்மா வாசித்துவிட்டா. ஒன்றும் சொல்லவில்லை. பருப்பு எத்தனை கிலோ என்று எழுதவில்லையே, ஒன்றரை என்று போடுங்கோ என்றா.