யோ-வ எப்ப விடறது

அடியே புள்ள,

உன் லெட்டர் வந்து ரெண்டு வாரம் ஆச்சு, திட்டாத. இங்க கொரியாவுல, தேஜோன்ல குளிர் ஆரம்பிச்சிருச்சு, லேப்ல இருந்து ரூமுக்கு வர்றதுக்குள்ள காது ரெண்டும் கழண்டு விழற மாதிரி இருக்கு, வந்ததும் போர்வைக்குள்ள போயிடறேன், பேனா எங்கடி புடிக்கிறது. அம்மா அனுப்பின மாவடு பத்திரமா வந்துச்சு, கவர் தான் ஒரு பக்கம் ஒழுகி ஸ்வெட்டர் எல்லாம் மாவடு வாசனை. பொள்ளாச்சி வீட்டுக்கு ஓடு மாத்தியாச்சுன்னு எழுதியிருந்த, போட்டோ ஒண்ணு அனுப்பு.

சரி, நீ கேட்ட விஷயம். ரெண்டு வருஷமா கொரியன் படிக்கிற, அந்த சியோல்காரி கூட வாராவாரம் போன்ல பேசற, ஆனா இன்னும் ஒவ்வொரு வரிக்கும் பின்னாடி ‘யோ’ போட்டுட்டே இருக்கியே, அதை எப்ப விடலாம்னு. இந்த ஒரு விஷயத்துல நான் எட்டு மாசம் முட்டாளா இருந்தேன், அதைச் சொன்னாலே உனக்குப் பாதி புரிஞ்சுரும்.

முதல்ல, இந்த யோ என்னன்னு நம்ம ஊர்க்காரங்களுக்குச் சொல்றது ரொம்ப ஈஸி. நெறைய ஊர்ல நீ, நீங்க, வா, வாங்கன்னு எதிர்ல இருக்கறவங்களப் பத்திப் பேசும்போது தான் மரியாதை தெரியும். மழை பெய்யுதுன்னு சொன்னா அதுல மரியாதையும் இல்ல, மரியாதைக் குறைவும் இல்ல. கொரியன்ல மழையக் கூட அப்படிச் சும்மா சொல்ல முடியாது. ‘பி வாயோ’ன்னா மழை பெய்யுதுங்க, ‘பி வா’ன்னா மழை பெய்யுது. நம்ம அப்பாரு ‘மழை பேயுதுங்க, ஆமாங்க, சோறு ஆச்சுங்க’ன்னு எதுக்கெடுத்தாலும் ஒரு ‘ங்க’ ஒட்டுவாரே, அதே தான். அந்த ங்க-வ எடுத்துட்டா தான் பன்மல், வெச்சிருந்தா ஜோந்தேன்மல். ஆக ஒவ்வொரு வாக்கியத்தோட வால்லயும் நீ முடிவெடுத்தே ஆகணும், மழுப்பறதுக்கு எடமே இல்ல.

ஆனா நம்ம ஊருக்கும் அவங்களுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கு. நானும் நீயும் ஹாஸ்டல்ல முதல் நாள் நீங்க-ல ஆரம்பிச்சு எப்ப வாடி போடிக்கு வந்தோம்னு உனக்கு ஞாபகம் இருக்கா? எனக்கு இல்ல. அது பாட்டுக்கு வழுக்கிட்டு வந்துருச்சு. இங்க பெரும்பாலும் அப்படி நடக்காது, வாயத் தொறந்து கேட்டு, ஒத்துக்கிட்டு, அதுக்கப்பறம் தான் விடுவாங்க. அதுக்குன்னே வார்த்தை இருக்கு, ‘மல் நோதா’ன்னு. கையில தூக்கிட்டு நிக்கற பேச்சைக் கீழ வெக்கறதுன்னு அர்த்தம்.

என் கதைக்கு வர்றேன். லேப்ல என் பக்கத்து டேபிள்ல ஒரு பொண்ணு, நிஜப் பேரு வேண்டாம், சுஜின்னு வெச்சுக்கோ. பார்த்த முதல் நாளே எந்த வருஷம் பொறந்தீங்கன்னு கேட்டா. எனக்கு சுருக்குன்னு இருந்துச்சு, கல்யாணத் தரகர் மாதிரி என்ன கேள்வி இதுன்னு. அப்பறம் தான் தெரிஞ்சுது, அது கேக்காம அவளால என்னை என்னன்னு கூப்பிடறதுன்னே முடிவு பண்ண முடியாது. 2023 ஜூன்ல இருந்து சட்டப்படி எல்லாருக்கும் உலக வழக்கப்படி தான் வயசுன்னு கொண்டுவந்துட்டாங்க, ஆனா ஆளுக்கு ஆள் உறவுக்கு இன்னும் பொறந்த வருஷம் தான் கணக்கு. ஒரே வருஷம்னா தோங்காப், அவங்க தான் சின்கு, அதாவது ஃபிரெண்டு. ஒரு வருஷம் முன்னப் பின்ன இருந்தாக் கூட அக்கா தங்கச்சி தான். நான் 90, அவ 92. ஆக நான் ஒன்னி, அதாவது பொண்ணு பொண்ணைக் கூப்பிடற அக்கா.

மூணாவது வாரம் காபி குடிக்கும்போது அவ சொன்னா, ‘மல்ஸும் ப்யொன்ஹாகே ஹாசேயோ’ன்னு. வார்த்தைக்கு வார்த்தை பார்த்தா, சௌகரியமா பேசுங்கன்னு தான் வரும். நான் என்ன நெனச்சேன்னா, பாவம், என் கொரியன் திக்குதுல்ல, கூச்சப்படாம பேசுங்கன்னு தைரியம் சொல்றான்னு. தேங்க்ஸ் சொல்லிட்டு முன்ன விட மரியாதையா, யோ-வ அழுத்தி அழுத்திப் பேசினேன். அவ முகம் ஒரு செகண்டு சுருங்கிச்சு, எனக்குக் காரணம் புரியல.

அதோட நிஜ அர்த்தம் வேற. சின்னவ பெரியவகிட்ட, ‘நீங்க என்கிட்ட யோ-வ விட்டுருங்க’ன்னு குடுக்கற அனுமதி அது. நல்லா கவனி, அவ விடப்போறதா சொல்லல. என்னை விடச் சொல்றா. அவ தொடர்ந்து யோ போட்டுத் தான் பேசுவா. நான் விட்டிருந்தா, நான் உன்னை நெருக்கமா நெனைக்கறேன்னு ஆகியிருக்கும். விடாம இருந்ததால, பரவால்லைங்க, தூரமாவே இருப்போம்னு நான் மூஞ்சில அடிச்ச மாதிரி ஆயிருச்சு. நான் பாட்டுக்கு, இவ ஏன் எட்டு மாசமாகியும் நெருங்க மாட்டேங்கறான்னு ராத்திரி எல்லாம் பொலம்பிட்டு இருந்தேன். விட வேண்டியது நானு, ஏன்னா பெரியவ நானு.

இதுக்கு நடுவுல அவ வேற சிக்னலும் குடுத்துட்டே தான் இருந்திருக்கா. ஒண்ணு ரொம்ப அழகு. சாப்பிடும்போது ‘மஷித்தா!’ன்னு, ருசியா இருக்குன்னு, தனக்குத் தானே சொல்றது, வெளிய வந்ததும் ‘ச்சுப்தா’ன்னு, ஐயோ குளிருதுன்னு. அதுல யோ கெடையாது, ஆனா எனக்குச் சொல்லல, காத்துக்குச் சொல்றா, அதனால மரியாதைக் குறைவும் இல்ல. ஆனா எனக்குக் காது கேக்கற மாதிரி அடிக்கடி அப்படிச் சொல்றது வாசக்கதவைக் கொஞ்சம் தொறந்து வெக்கற மாதிரி. அப்பறம் மெசேஜ்ல முதல்ல ‘ஜின்ஜ்ஜா?’ன்னு மொட்டையா வரும், நெஜமாவான்னு, அடுத்த வரியில யோ திரும்பி வந்துரும். இப்படி யோ வந்து வந்து போச்சுன்னா பேச்சு அசையுதுன்னு அர்த்தம். அதைப் பார்த்ததும் நீ முழுசா குதிச்சுராத, அவ எவ்வளவு விடறாளோ அவ்வளவே நீயும் விடு.

நான் குதிச்சு அடி வாங்கின கதையும் இருக்கு. லேப்ல ஒரு சீனியர், என்னை விட ஆறு வயசு பெரியவர், என்கிட்ட ரொம்ப ஜாலியா பன்மல்ல தான் பேசுவாரு. சரி, நாமளும்னு ஒரு நாள் பதிலுக்கு யோ இல்லாம பேசினேன். அவர் சிரிச்சுட்டே, ‘மரி ஜ்ஜால்லே?’ன்னாரு. பேச்சு குட்டையா இருக்கேன்னு. சிரிச்சாரு தான், ஆனா டேபிள் கப்சிப். மேல இருந்து கீழ பன்மல் வந்தா, கீழ இருந்து மேல அதே பாதையில போகலாம்னு அர்த்தம் இல்ல. யாராவது உன் பேச்சு குட்டைன்னு சொன்னா ஜோக்கா எடுத்துக்காத, அடுத்த வாக்கியத்துல யோ-வ ஒட்டிரு.

இன்னொண்ணு, நம்ம தமிழ் வாய்க்குன்னே ஒரு கண்ணி. நாம யார் பேசினாலும் ‘ம்... ம்...’னு கேப்போம்ல, மாமனார் பேசினாக் கூட. கொரியன்ல பன்மல் ‘ஆமா’ இருக்கே, அது ‘உங்’. நம்ம ம்-மும் அதுவும் காதுக்கு ஒண்ணு தான். நான் ப்ரொஃபசர் பேசும்போது ம் கொட்டிட்டு இருந்திருக்கேன், அந்த மனுஷனுக்கு அது ‘ஆமாண்டா, ஆமாண்டா’ன்னு கேட்டிருக்கும். ‘நே... நே...’ன்னு, அதாவது ஆமாங்கன்னு, மாத்திக்க எனக்கு ஒரு வருஷம் ஆச்சு. நீ போன்ல பேசறப்ப இது இன்னும் மோசம், மூஞ்சி தெரியாது, சத்தம் மட்டும் தான்.

எட்டாவது மாசம் எனக்கு இதெல்லாம் வேற ஒரு ஃபிரெண்டு புரிய வெச்சா. அடுத்த நாளே சுஜின கூட்டிட்டுப் போயி, சூப்பு சோறு வர்றதுக்குள்ள கேட்டுட்டேன், ‘ஊரி இஜே மல் நோஉல்க்காயோ?’ன்னு. நாம இனிமே பேச்சைக் கீழ வெச்சுருவோமாங்கன்னு. அதைக் கேக்கறதே யோ போட்டுத் தான் கேக்கணும். அவ ‘ஜோஆயோ’ன்னா, சரிங்கன்னு. ஒரு செகண்டு நின்னு, ‘ஆ... ஜோஆ’ன்னா. அவ்வளவு தான்டி, ரெண்டு பேரும் சிரிச்சு சூப்பு ஆறிப்போச்சு. நான் ‘நொதோ ப்யொன்ஹாகே ஹே’ன்னு, நீயும் விட்டுருன்னு தனியா இன்னொரு தடவ சொன்னேன். இது முக்கியம். அது சொல்லலன்னா பெரியவ மட்டும் விட்டுட்டு சின்னவ யோ-லயே நிப்பா.

அப்பறம் ஒரு வாரம் ரெண்டு பேருக்கும் வாய் கோணிச்சு. யோ மட்டும் போனா பத்தாது, கூடவே மத்ததும் போகணும். என்னைச் சொல்ல ‘ஜோ’ன்னு பணிவா சொல்லிட்டு இருந்தது ‘நா’ ஆகணும், ஆமா, நம்ம நா-வே தான். நே போயி உங் வரணும். ‘சுஜின்-ஷி’ போயி ‘சுஜினா’ன்னு கூப்பிடணும். நான் யோ-வ விட்டுட்டு ஜோ-வ விடாம பேசியிருக்கேன், அது ‘அடியேன் சொல்றது கேளுடி’ங்கற மாதிரி இருக்காம், அவ அழுதுட்டா சிரிச்சு. ஆனா அவ என்னை ‘நொ’, அதாவது நீன்னு மட்டும் சொல்ல மாட்டா, பன்மல்லயும் நான் அவளுக்கு ஒன்னி தான். ப்ரொஃபசர் உள்ள வந்தா ரெண்டு பேருக்கும் யோ தானா திரும்பி வந்துரும், அவர் போனதும் போயிரும். முதல் தடவ எனக்கு மனசு வலிச்சுது, கோவமோன்னு. இல்ல, மாமியார் முன்னாடி புருஷன வாங்க போங்கன்னு சொல்ற மாதிரி தான்.

இப்ப உன் விஷயம். அந்தப் பொண்ணு உன்னை விட மூணு வருஷம் பெரியவன்னு எழுதியிருக்க. அப்ப நீ தான்டி சின்னவ. நீயா போயி விட்டுருவோமான்னு கேக்காத. அடுத்த தடவ அவளை ஒன்னின்னு கூப்பிட்டு, நான் ஏமாந்த அதே வரிய, ‘ஒன்னி, மல்ஸும் ப்யொன்ஹாகே ஹாசேயோ’ன்னு சொல்லு. அவ உன்கிட்ட விட ஆரம்பிப்பா. நீ யோ-லயே இரு. அவ ‘நொதோ’ன்னு ஆரம்பிச்சு ஏதாவது சொன்னான்னா அன்னிக்கு உனக்கும் கதவு தொறந்துருச்சு. அவ எனக்கு இப்படியே சௌகரியம்னு சொன்னா அத்தோட விட்டுரு, ரெண்டாவது தடவ கேக்காத, அது உன்னைப் புடிக்கலன்னு இல்ல. இங்க பத்து வருஷம் ஒண்ணா வேலை பார்த்துட்டு யோ-லயே இருக்கற ஜோடி எங்க ஃப்ளோர்லயே இருக்கு.

அவ என்ன பதில் சொன்னான்னு அப்படியே காப்பி பண்ணி அனுப்பு, யோ எங்க இருக்கு எங்க இல்லன்னு நான் பார்த்து சொல்றேன். போன்ல ம் கொட்டாத.

மாவடு இன்னும் ரெண்டு கிலோ அனுப்பச் சொல்லு அம்மாகிட்ட, சுஜின் பாதிய தின்னுட்டா.

உன்
ஒன்னி இல்ல, அதே பழைய வாயாடி