"அழித்துவிட்டோம்" என்று நாங்கள் எழுதிய பதில் தவறானது: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். எங்கள் ஸ்டுடியோவில் திருமணப் படம் எடுத்துக்கொண்ட ஒரு தம்பதியிடமிருந்து சில மாதங்களுக்கு முன் ஒரு புகார்க் கடிதம் வந்தது. அதில் நாங்கள் செய்த தவறு உங்கள் படங்களையும் தொடுவது என்பதால், அவர்களுடைய ஒப்புதலோடு, அவர்கள் யாரென்று தெரியாதபடி இதை எழுதுகிறோம்.

சண்டை ஆல்பத்தில் தொடங்கியது. அச்சில் முகங்கள் கறுத்திருந்தன. பெண் வீட்டார் கேட்டிருந்த ஒரு குடும்பப் படம் விடுபட்டிருந்தது. மறுபடி அச்சிட ஒப்புக்கொண்டும் தாமதித்தோம். மனம் வெறுத்து, முழுக்கோப்புகளையும் வாங்கிக்கொண்டு வேறிடத்தில் ஆல்பம் போட்டுக்கொள்வதாகச் சொல்லிவிட்டார்கள். பிறகுதான் அந்தக் கடிதம் வந்தது. "முன்பணம் போனால் போகட்டும். எங்கள் படம் ஒன்றுகூட இனி உங்களிடம் இருக்கக் கூடாது" என்று எழுதியிருந்தார்கள். மூன்றாம் நாள் "அழித்துவிட்டோம்" என்று பதில் போட்டோம். மனமறிந்து சொன்ன பொய் இல்லை. எடிட்டிங் கணினியில் அவர்கள் ஃபோல்டரை நீக்கி, ரீசைக்கிள் பின்னையும் காலி செய்திருந்தோம்.

ஒரு வாரத்தில் இரண்டாவது கடிதம் வந்தது. படம் தேர்ந்தெடுக்க முன்பு நாங்கள் அனுப்பிய கேலரி லிங்க்கை உறவினர் ஒருவர் தட்டியிருக்கிறார். அத்தனை படங்களும் திறந்திருக்கின்றன. அதன் ஸ்கிரீன்ஷாட்டையும் இணைத்திருந்தார்கள். கேலரி தளம் எங்கள் கணினியோடு ஒட்டியதல்ல. அதில் ஏற்றியது தனி நகல். இங்கே அழித்தால் அங்கே எதுவும் நடக்காது. கடையில் வேலை செய்யும் எவருக்கும் தெரிந்த விஷயம் இது. ஆனால் "அழி" என்று ஒருவர் சொன்னபோது எங்களில் யாருக்கும் அது நினைவுக்கு வரவில்லை.

அன்று மாலை கடையைச் சாத்திவிட்டு, அந்த ஒரு திருமணத்தின் படங்கள் எங்கெல்லாம் இருக்கின்றன என்று ஒரு தாளில் எழுதிப் பார்த்தோம். இரண்டு கேமரா, ஒவ்வொன்றிலும் இரண்டு கார்டு. அன்றிரவே கணினியில் ஒரு நகல், வெளி ஹார்ட் டிஸ்க்கில் ஒரு நகல், வேறொரு இடத்தில் வைத்திருக்கும் இன்னொரு டிஸ்க்கில் ஒரு நகல். ஒரு டிஸ்க் கெட்டாலும் திருமணம் தொலையக் கூடாது என்பதற்கான ஏற்பாடு இது. இதை விடவும் மாட்டோம். ஆனால் தொலையாமல் இருக்கச் செய்த ஏற்பாடே அழிப்பதற்குத் தடையாக நின்றது.

அதோடு முடியவில்லை. படங்களைத் திருத்த நாங்கள் பயன்படுத்தும் லைட்ரூம் மென்பொருளில், கேமராவிலிருந்து அப்படியே வரும் மூலக் கோப்புகளான ரா ஃபைல்களை நீக்கிய பிறகும் `Previews.lrdata` என்று பெயர் முடியும் ஃபோல்டரில் அவற்றின் முன்னோட்டப் படங்கள் தங்கியிருந்தன. பெரிதாக்கிப் பார்ப்பதற்காக முழு அளவில் உருவாக்கியவையும் அவற்றில் உண்டு. முகம் கண்டறியும் வசதியில் நாங்கள் தட்டச்சு செய்த விருந்தினர் பெயர்களும், அந்த மென்பொருள் படங்களின் விவரங்களைச் சேமிக்கும் கேட்டலாகில் இருந்தன. வெளியில் இருக்கும் ஆல்பம் டிசைனருக்குத் தேர்ந்தெடுத்த படங்களைக் கிளவுடில் பகிர்ந்திருந்தோம். அவர் தம் கணினியில் இறக்கிப் பக்கங்களை வடிவமைத்திருந்தார். பகிர்வை நாங்கள் நிறுத்தினாலும் அவரிடம் இறங்கியது அவரிடமேதான் இருக்கும். அச்சு லேபில் அச்சுக்கு அனுப்பிய கோப்புகள் இருந்தன. பக்க மாதிரியைக் காட்டி ஒப்புதல் வாங்கிய ஊழியரின் கைபேசியிலும் படங்கள் இருந்தன. அவர்களே வேண்டாமென்று திருப்பித் தந்த ஆல்பமோ எங்கள் அலமாரியில்தான் இருந்தது.

கிளவுடில் நீக்கியது உடனே போய்விடாது என்பதையும் சொல்ல வேண்டும். கூகுள் டிரைவில் குப்பைக்குப் போனது 30 நாள் அங்கேயே கிடக்கும். குப்பையையும் நாமே காலி செய்தால்தான் முன்கூட்டிப் போகும். மெமரி கார்டும் அப்படித்தான். கேமராவில் சாதாரணமாக ஃபார்மட் செய்தால் படங்களின் பட்டியல்தான் அழிகிறது. மேலே புதுப் படம் பதியும்வரை பழையதை மீட்பு மென்பொருளால் எடுத்துவிடலாம். எங்களிடமே இருந்த மென்பொருளை அந்தக் கார்டுகளில் ஒன்றில் ஓட்டிப் பார்த்தோம். அந்தத் திருமணத்தின் 61 படங்கள் திரும்பி வந்தன. இப்போது கார்டு முழுவதும் வேறு பதிவால் நிரப்பி, அதன் பிறகே ஃபார்மட் செய்கிறோம்.

எங்களை அதிகம் கவலைப்பட வைத்தது பேக்கப் டிஸ்க். ஒரு நாள் எடிட்டிங் கணினி பழுதாகி, பழைய பேக்கப்பிலிருந்து எல்லாவற்றையும் மீட்டெடுத்தால், அழித்த ஃபோல்டரும் கூடவே வந்து உட்கார்ந்துகொள்ளும். அது திரும்பி வந்தது யாருக்கும் தெரியாது. அதனால் அழிக்கச் சொன்ன ஆர்டர்களின் எண்ணை மட்டும் தனி நோட்டில் எழுதி வைக்கிறோம். எப்போது மீட்டெடுத்தாலும் அந்த நோட்டைப் பார்த்து, அந்த எண்கள் இருந்தால் மறுபடி நீக்குவோம்.

இன்னொரு தவறையும் ஒப்புக்கொள்ள வேண்டும். முதல் கடிதம் வந்ததும் எங்களில் ஒருவர் தொலைபேசியில், "பாக்கியைக் கட்டுங்கள், அழித்துத் தருகிறோம்" என்று சொல்லியிருக்கிறார். அது கூடாது. பாக்கி உண்டா இல்லையா என்பது கணக்கு வழக்கு; அதற்கு ரசீதும் ஒப்பந்தமும் போதும். ஒருவருடைய திருமணப் படத்தைப் பிணையாகப் பிடித்து வைப்பது எங்களுக்கு அழகல்ல.

இரண்டாவது முறை அவசரப்படவில்லை. கடிதத்தில் ஒருவர் கையெழுத்துதான் இருந்தது. ஒப்பந்தத்தில் இருவரும் போட்டிருந்தார்கள். மற்றவரிடமும் எழுத்தில் ஒப்புதல் வாங்கினோம். பென்டிரைவில் கொடுத்த கோப்புகள் எல்லாம் திறக்கின்றனவா, எண்ணிக்கை சரியா என்று அவர்களையே பார்க்கச் சொன்னோம். அழித்த பிறகு ஒரு கோப்பு கெட்டிருப்பது தெரியவந்தால் எங்களால் ஒன்றும் செய்ய முடியாதல்லவா? "சரியாக இருக்கிறது" என்று அவர்கள் எழுதிய பிறகே தொடங்கினோம். முதலில் கேலரி லிங்க், ஏனெனில் வெளியார் கண்ணுக்குத் தெரிவது அதுதான். பிறகு டிசைனரும் லேபும். இருவரிடமும் நீக்கியதாக எழுதி வாங்கினோம். பிறகு கிளவுட், கணினி, கைபேசி, கார்டு. பேக்கப் டிஸ்க்குகளைக் கடைசியில் வைத்தோம். ஆல்பத்தை அவர்கள் கையிலேயே கொடுத்தோம். இடம் ஒவ்வொன்றுக்கும் எதிரே நீக்கிய தேதியையும் செய்தவர் பெயரையும் எழுதி, அந்தத் தாளையே பதிலாக அனுப்பினோம். உறவினர்கள் கேலரியிலிருந்து ஏற்கெனவே இறக்கிக்கொண்ட படங்களை எங்களால் அழிக்க இயலாது என்பதையும், ஒப்பந்தமும் ரசீதும் படமில்லாமல் கணக்குக்காக எங்களிடம் இருக்கும் என்பதையும் அதிலேயே எழுதினோம்.

உங்களில் யாராவது இப்படிக் கேட்க நேர்ந்தால், கோபத்தை எவ்வளவு வேண்டுமானாலும் எழுதுங்கள். கூடவே ஆர்டர் எண்ணையும் திருமணத் தேதியையும் குறிப்பிடுங்கள். முழுக்கோப்புகளும் உங்கள் கைக்கு வந்துவிட்டனவா என்று சொல்லுங்கள். படங்கள் மட்டுமா, வீடியோவும் ஆல்பம் பக்கங்களுமா என்று தெளிவாக்குங்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட இருவரும் கையெழுத்திடுங்கள். பதிலாக "அழித்தாயிற்று" என்ற ஒற்றை வரியை எங்களிடமிருந்தும் ஏற்க வேண்டாம். இடமும் தேதியும் உள்ள தாளைக் கேளுங்கள். குறிப்பாக கேலரி, டிசைனர், லேப், பேக்கப் நான்கும் அதில் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

சண்டை எதுவும் இல்லாதவர்களுக்கும் ஒரு மாற்றம் உண்டு. ஆல்பம் ஒப்படைத்து 90 நாளில் கேலரி லிங்க் மூடப்படும். ஓராண்டு ஆனதும், மற்ற நகல்களை வைத்திருக்கலாமா, நீக்கலாமா என்று உங்களைக் கேட்டு எழுதுவோம். பதில் வரும்வரை எதையும் நீக்க மாட்டோம். முகவரியோ எண்ணோ மாறியிருந்தால் தயவுசெய்து தெரிவியுங்கள். அந்தக் கடிதம் உங்களுக்கு வந்து சேர வேண்டும்.

இப்படிக்கு,
ஸ்டுடியோ உரிமையாளரும் ஊழியர்களும்